தோட்டத்து வீட்டின் விலாசம் படத்துக்குள் இருக்கிறது: ஓவியமாக மாற்ற அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

கோபிசெட்டிபாளையத்தில் அழைப்பிதழ் அச்சிடும் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். காதணி விழா, பூப்பு நன்னீராட்டு விழா, திருமணம், புதுமனை புகுவிழா என்று வருடம் முழுவதும் வேலை இருக்கும். முன்பெல்லாம் குழந்தையின் புகைப்படத்தை அப்படியே அழைப்பிதழில் வைப்போம். 2025 மார்ச் கடைசியில் கார்ட்டூன் பாணிப் படங்கள் எல்லார் கைப்பேசியிலும் அலைபோல வந்த பிறகு, பாதிப் பேர் “இதை ஓவியமாக மாற்றிப் போடுங்கள்” என்று கேட்கிறார்கள். படத்தை இணையத்தில் உள்ள ஒரு சேவையில் ஏற்றினால் அரை நிமிடத்தில் நீர்வண்ண ஓவியமாகவோ கோட்டோவியமாகவோ திரும்பி வருகிறது. வேலை சுலபம்தான். ஆனால் ஏற்றப்படும் கோப்போடு வேறு என்னென்ன சேர்ந்து போகிறது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

திருப்பூரில் வசிக்கும் ஒரு வாடிக்கையாளர், மகளின் காதணி விழாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பட்டிப் பொங்கல் அன்று, கோபிக்குப் பக்கத்தில் அப்பிச்சியின், அதாவது அம்மா வழித் தாத்தாவின், தோட்டத்தில், கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தச் சிறுமி நிற்கிறாள். அழகான படம். ஏற்றினேன், ஓவியம் வந்தது, அழைப்பிதழும் தயாரானது. இரண்டு நாள் கழித்து அச்சுக்கு அளவு போதுமா என்று பார்க்க அதே கோப்பில் வலது சொடுக்குச் செய்து Properties, அதில் Details என்று திறந்தேன். கீழே இறங்கிப் போனால் GPS என்ற தலைப்பில் Latitude, Longitude என்று இரண்டு வரிகள். அந்த எண்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். குறி வீட்டு முன்னால் இருக்கும் களத்தின் மேலேயே வந்து நின்றது. வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் முதலில் சொன்னது: “அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள்.”

அன்றிலிருந்து எங்கள் அச்சகத்தில் எந்தப் படமும் இப்படி உள்ளே இருக்கும் குறிப்புகள் துடைக்கப்படாமல் வெளியே போவதில்லை. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். கணினியில் இதுவரை கட்டளை எதுவும் தட்டச்சு செய்து பழகாதவர்களும் செய்யலாம்.

கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பது

கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும், படத்தோடு சேர்த்து ஒரு குறிப்புப் பட்டியலும் இருக்கிறது. மெட்டாடேட்டா என்பது இதுதான். கேமரா எழுதும் பட்டியலுக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுக்கப்பட்ட முறை இது. எந்த வேகத்தில், எந்த லென்ஸில் எடுத்தோம் என்று புகைப்படக்காரர் பிறகு பார்த்துக் கொள்வதற்கான நல்ல ஏற்பாடு. அதே பட்டியலில் ஜி.பி.எஸ். எண்களுக்கும் இடம் இருப்பதுதான் நமக்குப் பிரச்சினை.

அந்தக் கன்றுக்குட்டிப் படத்தில் இருந்தவற்றில் சில வரிகளைத் தருகிறேன். இடத்தைக் காட்டும் வினாடி எண்களையும் மாடல் எண்ணையும் நானே மறைத்திருக்கிறேன்.

```
[IFD0]     Make               : samsung
[IFD0]     Model              : SM-xxxxx
[ExifIFD]  DateTimeOriginal   : 2025:01:15 07:42:10
[ExifIFD]  OffsetTimeOriginal : +05:30
[GPS]      GPSLatitude        : 11 deg 27' xx.xx"
[GPS]      GPSLongitude       : 77 deg 26' xx.xx"
```

அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதை 60ஆல் வகுத்தால் ஒரு நிமிடம், அதாவது சுமார் 1,850 மீட்டர். மீண்டும் 60ஆல் வகுத்தால் ஒரு வினாடி, சுமார் 31 மீட்டர். கோப்பிலோ வினாடிக்குப் பிறகும் இரண்டு தசம இடங்கள் இருக்கின்றன. அந்த எண் காட்டும் அளவுக்குக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். துல்லியமானது இல்லை. திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் வரை பிழை இருக்கும், கட்டடங்களுக்கு நடுவே அது இன்னும் கூடும்.

நம் பக்கத்து வீடுகளின் அமைப்பை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஈரோட்டில் நெருக்கமான ஒரு தெருவில் 20 மீட்டர் பிழை என்றால் நான்கைந்து வீடுகளுக்கு நடுவே குழப்பம் வரும். கொங்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு தனியாக இருக்கிறது. அடுத்த வீடு இரண்டு தோட்டம் தள்ளி இருக்கும். வானம் திறந்து கிடப்பதால் ஜி.பி.எஸ். நன்றாகவே வேலை செய்கிறது. 50 மீட்டர் தவறினாலும் அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு வீடுதான் இருக்கும். தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றி நாம் எவ்வளவு கவலைப்படுகிறோம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டின் இருப்பிடத்தை முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

இருப்பிடம் இப்படி வெளிப்பட்டதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி, 2012 டிசம்பரில் பெலீஸ் நாட்டுப் போலீஸாருக்குத் தெரியாமல் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகையாளர்கள் ஐபோன் 4எஸ்ஸில் எடுத்த ஒரு படத்தை இணையத்தில் வெளியிட்டார்கள். அவர் குவாத்தமாலாவில் எங்கே இருக்கிறார் என்பது அந்தக் கோப்பின் ஜி.பி.எஸ். வரிகளிலேயே இருந்தது.

கருவி பற்றிய குறிப்புகளும் உண்டு. கைப்பேசியின் தயாரிப்பும் மாடலும் எல்லாப் படத்திலும் இருக்கும், மென்பொருள் பதிப்பும் பெரும்பாலும் இருக்கும். ஸ்டுடியோக்காரர்களின் பெரிய கேமராவாக இருந்தால் கேமராவின் வரிசை எண்ணே எழுதப்பட்டிருக்கும். ஒரே கேமராவில் எடுத்த படங்கள் எத்தனை பெயரில், எத்தனை கணக்கில் ஏறினாலும் அந்த எண் அவற்றை ஒன்றாகக் கட்டிவிடும்.

ஓவியம் சுத்தமாக வருகிறதே, பிறகென்ன?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். திரும்பி வரும் ஓவியம் புதிதாக உருவாக்கப்பட்ட கோப்பு. பொதுவாக அதில் உங்கள் தோட்டத்து எண்கள் இருக்காது. அதைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்தச் சேவையிடம் போய்ச் சேர்ந்தது நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பு. ஓவியத்தைச் சோதிப்பதால் எதுவும் தெரியாது. ஏற்றப் போகும் கோப்பைத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் ஏற்றுவதற்கு முன்பே.

சில வழிகளில் இடக்குறிப்பு தானாகவே விழுந்துவிடுவதும் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி பெறாத செயலிகளுக்குப் படத்தின் இடக்குறிப்பை அந்த அமைப்பே மறைத்துக் கொடுக்கிறது. சில இணையதளங்கள் ஏற்றும் முன்பே படத்தைச் சிறிதாக்கிவிடுவதால் குறிப்புகள் போய்விடலாம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது நடந்தது என்று தெரிவதில்லை. கணினியின் உலாவியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றும்போது, பெரும்பாலும் கோப்பு உள்ளது உள்ளபடியே போகிறது. எனவே தானாக விழும் என்று நம்பாமல் நாமே துடைத்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணமாகப் புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது, அப்போது ஜி.பி.எஸ்., மாடல் குறிப்புகள் போய்விடுகின்றன. அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் ஒரு எழுத்துக்கூட மாறாமல் வந்து சேர்கிறது. அச்சில் தெளிவு வேண்டும் என்பதற்காக எங்களைப் போன்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை “டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்” என்று சொல்கிறோம். அந்தத் தோட்டத்தின் எண்கள் என் கணினிக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். தெளிவுக்காக டாக்குமெண்ட்டாகவே வாங்குங்கள், தவறில்லை. வாங்கியவர் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணினியில் துடைக்கும் முறை

விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. படத்தின் Properties, Details பக்கத்தின் அடியில் Remove Properties and Personal Information என்ற இணைப்பு உண்டு. அதில் முதல் தேர்வு, முடிந்தவரை குறிப்புகள் நீக்கப்பட்ட ஒரு நகலை உருவாக்கித் தரும். எதுவும் நிறுவ முடியாத கணினியில் இதைப் பயன்படுத்துங்கள். ஆனால் “முடிந்தவரை” என்று அதுவே சொல்வதைக் கவனியுங்கள். தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த முறையில் எழுதும் குறிப்புகளை விண்டோஸ் முழுதாக அறியாது.

நான் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003 முதல் வளர்த்து வரும் இலவச மென்பொருள் இது. exiftool.org தளத்திலிருந்து விண்டோஸுக்கான சுருக்கக் கோப்பை இறக்கி விரித்தால், உள்ளே exiftool(-k).exe என்ற கோப்பும் exiftool_files என்ற கோப்புறையும் இருக்கும். இரண்டும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கோப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் ஓடாது.

பெயரை மாற்றும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு படத்தை இழுத்து அந்த exiftool(-k).exe மேல் போடுங்கள். கருப்புச் சாளரம் ஒன்று திறந்து, படத்துக்குள் இருக்கும் அத்தனை குறிப்புகளையும் வரிசையாகக் காட்டும். தட்டச்சே வேண்டியதில்லை. முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலின் நீளமே வியப்பாக இருக்கும்.

பிறகு அந்த exe கோப்பின் பெயரை exiftool.exe என்று மாற்றுங்கள். துடைக்க வேண்டிய படத்தையும் அதே கோப்புறைக்குள் நகலெடுத்து வையுங்கள். படத்தின் பெயரை p01.jpg என்பதுபோல் ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. “கன்றுக்குட்டி.jpg” என்று தமிழில் பெயர் இருந்தால், விண்டோஸில் கட்டளையில் தட்டச்சு செய்யும்போது கோப்பைக் காணவில்லை என்று பிழை வரக்கூடும். கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தாலும் சிக்கல் வரலாம். அந்தக் கோப்புறையின் முகவரிப் பட்டையில் cmd என்று தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால் கட்டளைச் சாளரம் அங்கேயே திறக்கும். அதில்:

```
exiftool -a -G1 -s p01.jpg
```

இது பார்ப்பதற்கு மட்டும், எதையும் மாற்றாது. வரும் பட்டியலில் GPS என்று தொடங்கும் வரிகளும் Make, Model, SerialNumber வரிகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அடுத்த கட்டளை:

```
exiftool -all= -tagsfromfile @ -orientation -icc_profile -o clean.jpg p01.jpg
```

இதில் -all= என்பது எல்லாக் குறிப்புகளையும் அழி என்று சொல்கிறது. கடைசியில் இருக்கும் -o clean.jpg, துடைத்ததை அந்தப் பெயரில் புதிய கோப்பாக எழுதச் சொல்கிறது. மூலப்படம் தொடப்படாமல் அப்படியே இருக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அது மறுத்துவிடும். அப்போது பழையதை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். படத்தைப் பிரித்துச் சுருக்கும் வேலை எதையும் எக்ஸிஃப்டூல் செய்வதில்லை என்பதால் தெளிவு துளியும் குறையாது. அச்சு வேலைக்கு இதையே நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

நடுவில் இருக்கும் -orientation, -icc_profile என்ற இரண்டு சொற்களும் அனுபவத்தில் சேர்த்தவை. முதலில் வெறும் -all= மட்டும் போட்டபோது, நேராக நின்ற சிறுமி படுக்கையாகத் திரும்பிவிட்டாள். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல கைப்பேசிகள் படத்தைக் கிடைமட்டமாகவே பதிந்துவிட்டு, “இதைத் திருப்பிக் காட்டு” என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்புதான் Orientation. அதை அழித்தால் படம் சாய்ந்துவிடும். சாய்ந்த முகத்தை ஓவியமாக்கச் சொன்னால் விளைவு கோரமாக இருக்கும். icc_profile என்பது படத்தின் வண்ணங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்ற விளக்கம். ஐபோன் படங்களில் இதை நீக்கினால் சிவப்பும் பச்சையும் மங்கிப் போகும். இந்த இரண்டிலும் ஆளையோ இடத்தையோ காட்டும் செய்தி இல்லை. எனவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு இவை இரண்டை மட்டும் பழைய கோப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

துடைத்த பிறகு மீண்டும் பார்ப்பது

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். பார்க்கும் கட்டளையை இப்போது புதிய கோப்பின் மேல் ஓட்டுங்கள்:

```
exiftool -a -G1 -s clean.jpg
```

பட்டியல் காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கே பதறுவார்கள். இன்னும் இருபது முப்பது வரிகளாவது இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயரைப் பாருங்கள். System, File, Composite என்று தொடங்குபவை கோப்பின் பெயர், அளவு, அகலம், உயரம் போன்றவை. உங்கள் கணினியைப் பார்த்தோ கணக்கிட்டோ அந்த மென்பொருள் காட்டுபவை, கேமரா எழுதிய குறிப்புகள் அல்ல. ICC என்று தொடங்குபவை வண்ண விளக்கம். அதில் தேதி, நிறுவனப் பெயர் இருந்தால் அவை அந்த வண்ண விளக்கத்தை உருவாக்கியவர்களுடையவை. IFD0இல் Orientation வரியோடு XResolution போன்ற மூன்று நான்கு வரிகள் இருக்கும். Orientation இருந்தால் அவையும் இருந்தாக வேண்டும் என்பது எக்ஸிஃப் விதி. ஆபத்தில்லை.

இருக்கக் கூடாதவை: GPS என்ற குழு, Make, Model, Software, DateTimeOriginal, வரிசை எண்கள், கைப்பேசி அல்லது கேமரா தயாரிப்பாளரின் பெயரில் தொடங்கும் MakerNotes வகை வரிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தவறான கோப்பைப் பார்க்கிறீர்கள், அல்லது கட்டளையில் எழுத்துப்பிழை இருக்கிறது. பெரும்பாலும் முதலாவதுதான்.

கோப்பின் அளவும் குறைந்திருக்கும். சில கிலோபைட் குறைவது இயல்பு. மூன்று நான்கு மெகாபைட் ஒரேயடியாகக் குறைந்தாலும் பயப்பட வேண்டாம். சில கைப்பேசிகள் படத்தின் வாலில் ஓரிரு வினாடி வீடியோவையும் ஒட்டி வைக்கின்றன. மோஷன் போட்டோ என்பது அதுதான். ஓவியமாக்கும் சேவைக்கு அந்த வீடியோ தேவையில்லை. அதில் குரலும் இருக்கலாம் என்பதால் அது போவது நல்லதே.

ஒரு விழாவுக்கு முப்பது நாற்பது படங்கள் வந்தால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் அதே கோப்புறையில் வைத்து இதை ஓட்டுங்கள். clean என்ற புதிய கோப்புறையில் நகல்கள் வந்து நிற்கும்:

```
exiftool -all= -tagsfromfile @ -orientation -icc_profile -o clean/ *.jpg
```

அதன் பிறகு அந்த clean கோப்புறையிலிருந்து மட்டுமே ஏற்றுவது என்று பழக்கப்படுத்திக் கொள்ளுங்கள். மூலமும் நகலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தெரியும்போதுதான் கை தவறுகிறது.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோனில் படத்தைத் திறந்து பகிரும் பொத்தானை அழுத்தினால் மேலே Options என்று இருக்கும். அதில் Location என்பதை அணைத்துவிட்டுப் பகிர்ந்தால் இடக்குறிப்பு இல்லாத படம் போகும். iOS 13 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் போவது இடம் மட்டுமே, கைப்பேசியின் மாடலும் எடுத்த நேரமும் அப்படியே இருக்கும். பெரும்பாலானோருக்கு இடம்தான் முக்கியம் என்பதால் இது ஓரளவு போதும்.

ஆண்ட்ராய்டில் ஸ்கிராம்பிள்டு எக்ஸிஃப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. எஃப்-டிராய்டு தளத்தில் Scrambled Exif என்று தேடினால் கிடைக்கும். கேலரியிலிருந்து படத்தை இதற்குப் பகிர்ந்தால், குறிப்புகளை நீக்கிவிட்டு, அடுத்து யாருக்குப் பகிர வேண்டும் என்று கேட்கும். அப்போது ஓவியச் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம்.

புதிதாக எதுவும் நிறுவத் தயங்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசிக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பி, அங்கே வந்து சேர்ந்த நகலை அந்தக் கைப்பேசியிலிருந்தே ஏற்ற வேண்டும். அனுப்பிய கைப்பேசியிலிருந்தே ஏற்றப் போனால் கேலரியில் மூலப்படமும் அருகிலேயே இருக்கும், அதைத் தொட்டுவிட வாய்ப்பு அதிகம். இந்த வழியில் தெளிவு குறையும். அழைப்பிதழின் மூலையில் வைக்கும் சின்ன ஓவியத்துக்கு அது பெரிய குறையில்லை.

கைப்பேசியில் சரிபார்க்க, படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் விவரங்கள் வரும், இடக்குறிப்பு இருந்தால் வரைபடமும் வரும். கூகுள் ஃபோட்டோஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில படங்களில் அது இடத்தைத் தானே ஊகித்துக் காட்டும், அது கோப்புக்குள் எழுதப்பட்டதல்ல. சந்தேகம் இருந்தால் கணினியில் எக்ஸிஃப்டூலில் பார்த்துவிடுவதே சரி.

இனி எடுக்கும் படங்களில் இடமே பதியாமல் செய்ய, கேமராவின் அமைப்பில் இருப்பிடத்தைச் சேமிக்கும் தேர்வை அணைக்கலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பத்து வருடம் கழித்து, இது சென்னிமலையில் எடுத்ததா, பழனியில் எடுத்ததா என்று அந்தக் குறிப்புதான் சொல்லும். மூலப்படத்தில் இருக்கட்டும், வெளியே போகும் நகலில் வேண்டாம் என்பதே என் முடிவு. தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களின் கைப்பேசியில் மட்டும் நான் அணைத்தே வைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலிருந்து யார் எதை எங்கே அனுப்புகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

துடைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்

வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் முடிந்த பிறகே துடைக்க வேண்டும். திருத்தும் மென்பொருள்கள் சேமிக்கும்போது தங்கள் குறிப்புகளைப் புதிதாக எழுதுகின்றன. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப்பில் எழுத்து லேயர்களோடு இருக்கும் வடிவமைப்பை ஜேபெக்காகச் சேமித்தால், எக்ஸ்எம்பி என்ற குறிப்புப் பகுதியில் அந்த லேயர்களின் வாசகங்களும் எழுதப்பட்டிருக்கக்கூடும். எக்ஸிஃப்டூலில் TextLayer என்று தொடங்கும் வரிகளாக அவை தெரியும். எழுத்துகளை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் சேமித்தாலும், அழைப்பவரின் பெயர், ஊர், தொலைபேசி எண் அந்தக் குறிப்பில் ஒளிந்திருக்கலாம். மேலே சொன்ன கட்டளை இதையும் அழித்துவிடும்.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் பின்னணி போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். எக்ஸிஃபுக்குள் முழுப்படத்தின் சிறு உருவம் ஒன்றும் இருக்கிறது. வெட்டிய பிறகு சில மென்பொருள்கள் அதைப் புதுப்பிப்பதில்லை. வெட்டப்பட்ட வீடும் வண்டியும் அந்தத் தபால்தலை அளவுப் படத்தில் அப்படியே இருக்கும்.

கோப்பின் பெயரும் ஒரு குறிப்புதான். 20250115_074210.jpg என்ற பெயரே எடுத்த நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுகிறது. வாட்ஸ்அப் நகலின் IMG-20250115-WA0007.jpg என்ற பெயரிலும் தேதி இருக்கிறது. clean.jpg என்று பெயரை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் தீராதவை

துடைத்த படத்திலும் முகம் இருக்கிறது. பள்ளிச் சீருடையின் சின்னமும், பின்னால் நிற்கும் வண்டியின் எண்ணும், பெயர்ப் பலகையும் படத்திலேயே தெரிந்தால் எந்தக் கட்டளையும் அவற்றை அழிக்காது. அவற்றை வெட்டிவிடுங்கள், அல்லது வேறு படம் கேளுங்கள். எந்தக் கணக்கில் நுழைந்து ஏற்றினீர்கள், எந்த இணைய இணைப்பிலிருந்து ஏற்றினீர்கள் என்பதும் அந்தச் சேவைக்குத் தெரியும். அதனால் ஏறக்குறைய எந்த ஊர் என்பது தெரிந்துவிடலாம். எந்த வீடு என்பது தெரியாது. நாம் தடுப்பது அந்த இரண்டாவதைத்தான்.

ஏற்கெனவே துடைக்காமல் ஏற்றிவிட்டவர்கள், அந்தச் சேவையின் கணக்குக்குள் சென்று பழைய வரலாற்றில் அந்தப் படங்களை நீக்குங்கள். படங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று அவர்களின் தனியுரிமைக் கொள்கையில் இருக்கும், அதையும் படியுங்கள். கன்றுக்குட்டிப் படத்துக்கு நான் செய்தது இதுதான். நீக்கக் கோரி எழுத்திலும் அனுப்பினேன், நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே திருப்பூருக்கு அனுப்பி வைத்தேன். இப்போது அச்சகத்தின் ரசீதுப் புத்தகத்தில், ஓவியம் கேட்கும் ஒவ்வொரு வேலைக்கும் “துடைத்துப் பார்த்தது” என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். ஏற்றுகிறவர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகே படம் வெளியே போகிறது.